கூட்டினால் 39, எக்செல் காட்டுவது 38

ஜவுளிக்கணக்கு

ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பில் எல்லாம் நானே போட்டு வைத்த எக்செல் ஷீட்டில்தான். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் பில்லை வாங்கி, நின்ற இடத்திலேயே செல்போனில் கூட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பைசா உதைக்குதே" என்றார். மூன்றே வரி பில்.

```
12.75 மீ × 86.50 = 1102.88
 8.25 மீ × 64.50 =  532.13
15.75 மீ × 42.50 =  669.38
மொத்தம்          = 2304.38
```

நானும் கையால் கூட்டினேன். 2304.39. `SUM` சரியாகத்தான் இருந்தது, வரிசை எதுவும் விடுபடவில்லை. ஒரு பைசாவுக்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் கூட்டல் தப்பாக இருக்கிற பில்லைக் கையில் கொடுக்க ஒரு மாதிரி இருக்கிறதே.

இரவு உட்கார்ந்து நோண்டினேன். அந்த மூன்று செல்களின் ஃபார்மட்டையும் `General` என்று மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது: 1102.875, 532.125, 669.375. நான் இரண்டு தசமம் மட்டும் காட்டு என்று சொல்லியிருந்தேன். அது காட்டுவதை மட்டும்தான் சுருக்கியது, உள்ளே இருப்பதைத் தொடவே இல்லை. `SUM` கூட்டுவது உள்ளே இருப்பதை. அந்த மூன்றையும் கூட்டினால் 2304.375, அதைக் காட்டும்போது 2304.38. ஒவ்வொரு வரியிலும் அரைப் பைசா கூடுதலாகத் தெரிகிறது, மொத்தத்தில் ஒருமுறைதான் கூடுகிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? எப்படிச் சரிசெய்தீர்கள்?

மளிகை அண்ணாச்சி

தம்பி, 25 பைசாவே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. ஒரு பைசாவுக்கு இவ்வளவு யோசனையா? கடைசியில் ரவுண்ட் ஆஃப் என்று ஒரு வரி போட்டு ரூபாயாக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஜவுளிக்கணக்கு

அது கடைசித் தொகைக்கு, அண்ணாச்சி. என் பிரச்சினை அதற்கு மேலே. வரிகளின் கூட்டலே மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை.

சேலம் நூல்மில்

எனக்கும் இதே கதை. மொத்தம் வருகிற செல்லில் `=ROUND(SUM(D2:D4),2)` என்று போட்டேன், அதோடு தொல்லை விட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பழைய லெட்ஜர்

நூல்மில்காரரே, இந்தப் பில்லில் அதைப் போட்டால் என்ன வரும்? 2304.375-ஐ ரவுண்ட் செய்தால் அதே 2304.38. அவருடைய வாடிக்கையாளர் மறுபடியும் கால்குலேட்டரை எடுப்பார். உங்களுக்குத் தொல்லை விட்டது தற்செயலாக இருக்கும்.

ரவுண்ட் செய்ய வேண்டிய இடம் மொத்தம் அல்ல, ஒவ்வொரு வரியும்தான். பில்லில் எந்த எண்ணைப் பணமாக அச்சிடுகிறீர்களோ அங்கே.

```
D2:  =ROUND(B2*C2,2)
D5:  =SUM(D2:D4)
```

இப்போது D2-வின் உள்ளேயும் 1102.88, வெளியேயும் 1102.88. மொத்தம் 2304.39. வரி போடுகிற செல்லுக்கும் இதேதான்: `=ROUND(D5*2.5%,2)` என்று சிஜிஎஸ்டிக்கு ஒன்று, எஸ்ஜிஎஸ்டிக்கு ஒன்று. இரண்டும் 57.61. ஆனால் மீட்டர் விலையையோ அளவையோ ரவுண்ட் செய்யாதீர்கள். விலை 42.375 என்றால் 42.375-ஆகவே பெருக்க வேண்டும். அதை 42.38 ஆக்கிவிட்டு ஆயிரம் மீட்டர் பெருக்கினால் ஐந்து ரூபாய் தள்ளிவிடும்.

பழைய ஷீட்டில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, நான் ஒரு காலி செல்லில் இதைப் போடுவேன்:

```
=SUMPRODUCT(ROUND(D2:D4,2))-SUM(D2:D4)
```

சுத்தமான ஷீட் என்றால் பூஜ்யம். உங்களுடையதில் 0.015 வரும். அந்தச் செல்லின் தசமத்தைக் கொஞ்சம் அதிகப்படுத்தி வையுங்கள். இல்லையென்றால் இதுவும் தன் உண்மையை மறைத்துக்கொள்ளும்!

சேலம் நூல்மில்

சரிதான் ஐயா, நான் இதுவரை வரிகளைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் ஐந்நூறு செல்லில் போய் `ROUND` எழுதுவதற்குப் பதில், ஆப்ஷன்ஸில் `Advanced` பக்கத்தில் `Set precision as displayed` என்று ஒன்று இருக்கிறதே? அதை டிக் செய்தால் காட்டுவதையே கணக்கிலும் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

கோவை ஸ்டோர்ஸ் பிரிவு

வேண்டாம்! நான் சூடுபட்டவள். அது அந்த ஃபைல் முழுவதற்கும் பொருந்தும், ஒரு ஷீட்டுக்கு மட்டும் அல்ல. எங்கள் விலைப்பட்டியலில் சின்ன ஸ்க்ரூ ஒன்று 0.375 ரூபாய், செல்லில் 0.38 என்று தெரியும். டிக் செய்த உடனே கையால் அடித்திருந்த 0.375 நிஜமாகவே 0.38 ஆகிவிட்டது. டிக்கை எடுத்தால் திரும்பி வரவில்லை. துல்லியம் நிரந்தரமாகப் போகும் என்று எக்செல் ஒரு பெட்டியில் எச்சரித்திருந்தது, நான்தான் படிக்காமல் ஓகே கொடுத்தேன். பழைய காப்பி ஒன்று மெயிலில் இருந்ததால் பிழைத்தேன்.

மேக்ரோ மாலை

என் அனுபவம் வேறு ரகம். நான் பில்லை மேக்ரோவில் போடுகிறேன், `ROUND` எல்லா வரியிலும் இருந்தது, ஆனாலும் ஷீட்டோடு ஒரு பைசா இடித்தது. ஷீட்டில் இருக்கிற `ROUND` வேறு, விபிஏவில் இருக்கிற `Round` வேறாம்! சரியாக அரையில் நிற்கிற எண்ணை ஷீட் எப்போதும் மேலே தள்ளும். விபிஏ பக்கத்து இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகும். ஜவுளிக்கணக்கின் 532.125 ஷீட்டில் 532.13, விபிஏவில் 532.12. மற்ற இரண்டு வரியும் இரண்டிலும் ஒன்றுதான். ஆக மேக்ரோவில் போட்டிருந்தால் மொத்தம் 2304.38 வந்து, எல்லாம் சரி என்று ஏமாந்திருப்பார். இப்போது நான் இப்படி எழுதுகிறேன்:

```
x = Application.WorksheetFunction.Round(q * r, 2)
```

மதுரை மெடிக்கல்ஸ்

நான் கேட்பது கொஞ்சம் தலைகீழ். எங்களுக்கு விலையிலேயே வரி சேர்ந்திருக்கும். 100 ரூபாய் பொருள், 18 சதவீதம். பின்னோக்கிப் போட்டால் அடிப்படை விலை 84.7457..., அதை 84.75 ஆக்கினேன். வரி 7.63, இன்னொரு 7.63. கூட்டினால் 100.01! `ROUND` போட்டதால்தான் எனக்குப் பைசா உதைக்கிறது. போடாதபோது நன்றாக இருந்தது.

பழைய லெட்ஜர்

போடாதபோதும் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அச்சிட்ட மூன்று எண்ணையும் கூட்டியிருந்தால் அன்றைக்கும் 100.01தான். இங்கே மூன்றையும் தனித்தனியாக ரவுண்ட் செய்யக்கூடாது. வரி இரண்டையும் ரவுண்ட் செய்யுங்கள், அடிப்படை விலையை மிச்சமாக எடுங்கள்: 100 − 7.63 − 7.63 = 84.74. அதற்கு 9 சதவீதம் போட்டுப் பார்த்தால் 7.6266, திரும்ப 7.63. பொருந்துகிறது.

மதுரை மெடிக்கல்ஸ்

எல்லா விலைக்கும் இப்படிப் பொருந்துமா?

பழைய லெட்ஜர்

நான் போட்ட பில்களில் பொருந்தியது. எல்லா விலைக்கும் என்று எழுதிக் கொடுக்கமாட்டேன். உங்கள் விலைப்பட்டியலை ஒரு பத்தியில் போட்டு, மிச்சமாக வந்த விலைக்கு மறுபடி வரி கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது `=A2=B2` என்று வைக்காதீர்கள், `=ROUND(A2-B2,2)=0` என்று வையுங்கள். எக்செல் 0.1 மாதிரி எண்களைக்கூட இரும எண்ணில் தோராயமாகத்தான் வைத்திருக்கிறது. ஒரு செல்லில் `=(0.5-0.4-0.1)` என்று அடைப்புக்குறியோடு அடித்துப் பாருங்கள், பூஜ்யம் வராது.

மளிகை அண்ணாச்சி

அடித்துப் பார்த்தேன். `-2.77556E-17` என்கிறது. இது எத்தனை பைசா?

ஜவுளிக்கணக்கு

அதை விடுங்கள் அண்ணாச்சி, அது பைசா கணக்கிலேயே வராது. பெரியவர் சொன்னபடி D பத்தியை மாற்றினேன், 2304.39 வந்துவிட்டது. போன வருடத்துப் பில்களில் அந்த `SUMPRODUCT` போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாதிக்கு மேல் பூஜ்யம் இல்லை. கொடுத்துவிட்ட பில்லை இனி தொடலாமா, அப்படியே விடலாமா என்று எங்கள் ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும்.