உதவி: பேப்பர் துண்டை மடிச்சுப் பிரிச்சா டிராகன் வளைவு வரமாட்டேங்குது

மண்டபம்_செல்வி
மகள் எட்டாவது படிக்கிறா. கணக்கு ப்ராஜெக்டுக்குப் பேப்பர் மடிப்புல டிராகன் வளைவு எடுத்திருக்கா. நீளத் துண்டைப் பாதி பாதியா மடிச்சு, பிரிச்சு, ஒவ்வொரு மடிப்பையும் செங்கோணமா நிறுத்தணும். படத்துல இருக்குற மாதிரி வரவே இல்ல. வெள்ளிக்கிழமை கொடுக்கணும், ப்ளீஸ் சீக்கிரம் சொல்லுங்க.

கீழக்கரை_ரஃபி
அக்கா, டிராகனுக்குச் சதுரத் தாள்தான் வேணும். நீளத் துண்டுல றெக்கை எடுக்க முடியாது. என் பையன் கொக்கு செஞ்சான், மிஸ்ஸுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முறை அனுப்பவா?

தொண்டி_கணக்கு
ரஃபி, அவங்க கேட்டது பொம்மை இல்ல, வளைகோடு. கேள்வியை முழுசாப் படிங்க. செல்விம்மா, என்ன தாள், எவ்வளவு நீளம், எத்தனை மடிப்பு, வர்ற உருவம் எப்படி இருக்குன்னு எதுவுமே இல்ல. "வரமாட்டேங்குது"ன்னு மட்டும் எழுதினா யார் பதில் சொல்ல முடியும்? இந்தக் குழுவுல இதை எத்தனையோ தடவை சொல்லியாச்சு.

மண்டபம்_செல்வி
மன்னிக்கணும் சார். சார்ட் பேப்பர். 64 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 4 தடவை மடிக்கிறோம்.

பாம்பன்_காத்து
ஈரக்காத்துதான் காரணம்க்கா. நம்ம பக்கம் சார்ட் நமத்துப்போயி மடிப்பு நிக்காது, 90 டிகிரி தானா 100, 110ன்னு விரிஞ்சிரும். இப்படிச் சோதிச்சுப் பாருங்க. 4 மடிப்புன்னா 16 துண்டு, ஒவ்வொண்ணும் 4 செ.மீ. கோணமெல்லாம் சரியா இருந்தா ரெண்டு நுனிக்கும் நேர்த்தூரம் 16 செ.மீ. வரணும். அதைவிடக் கூடுதலா வந்தா விரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

மண்டபம்_செல்வி
கட்டம் போட்ட தாள் மேல நிறுத்தித்தான் பார்த்தோம் தம்பி. 16 சரியா வருது. ஆனா சுருளா வராம முக்கோணம் மாதிரி அடைஞ்சு நிக்குது.

உச்சிப்புளி_லதா
முக்கோணம்னு சொன்னீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. கோணத்துல குறை இல்ல, மடிக்கிற திசை மாறி மாறிப் போகுது. ஒரு தடவை மேல் பக்கமாவும் அடுத்த தடவை அடிப் பக்கமாவும் மடிச்சா செங்கோண இருசமபக்க முக்கோணத்தை நிரப்புற வேற ஒரு வளைவு வரும். 4 மடிப்புல அதுக்கும் நுனித்தூரம் 16தான். அதனால பாம்பன் தம்பி சொன்ன சோதனையில கோணப் பிழை தெரியும், திசைப் பிழை தெரியாது.

இப்படிப் பாருங்க. நிறுத்தின துண்டுல, மடிக்க ஆரம்பிக்கும்போது இடது பக்கம் இருந்த நுனியிலிருந்து எறும்பு போறதா நினைச்சு மடிப்புகளை எண்ணுங்க, மொத்தம் 15 இருக்கும். 1, 2, 4, 8 ஆகிய நாலும் ஒரே பக்கம் திரும்பினா டிராகன். 1-உம் 4-உம் ஒரு பக்கம், 2-உம் 8-உம் எதிர்ப்பக்கம்னா முக்கோணம்.

பாப்பா ஒவ்வொரு மடிப்பையும் அழுத்த, துண்டைக் குப்புறப் புரட்டி ஸ்கேலால தேய்க்குதான்னு பாருங்க. புரட்டினபடியே அடுத்த மடிப்புக்குப் போனா திசை மாறிடும். இடது நுனிக்கு அடிப்பக்கத்துல பென்சில் புள்ளி வையுங்க. கடைசி வரைக்கும் அந்தப் புள்ளி இடது பக்கத்துலயே, மேசையைத் தொட்டபடியே இருக்கணும். வலது பக்கத்தைத் தூக்கி இடது மேல போடுறது மட்டும்தான் வேலை.

பாம்பன்_காத்து
சரிதான்க்கா. ஆனா ஈரமும் உண்டு. 5-ஆவது மடிப்பு போடட்டும், சார்ட் எப்படி நிக்குதுன்னு பார்ப்போம்.

தொண்டி_கணக்கு
5-ஆவது மடிப்புல 32 அடுக்கு. அங்க ஈரத்தைவிடத் தடிமன்தான் தொல்லை. வெளியடுக்கு உள்ளடுக்கைச் சுத்திப் போகணும், அதனால துண்டுகள் சமமா விழாது. எந்தத் தாளையும் 7 தடவைக்கு மேல மடிக்கவே முடியாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சது.

கீழக்கரை_ரஃபி
அது சரியில்ல சார். 2002-ல பிரிட்னி காலிவன்னு அமெரிக்கப் பள்ளி மாணவி, ஒரு கிலோமீட்டருக்கும் மேல நீளமான டாய்லெட் பேப்பரை 12 தடவை மடிச்சுக் காட்டினாங்க. எவ்வளவு நீளம் தேவைன்னு சூத்திரமும் கொடுத்தாங்க.

தொண்டி_கணக்கு
வகுப்பறையில கிலோமீட்டர் தாள் கிடையாது, ரஃபி. நான் சொன்னது சாதாரணத் தாளுக்கு.

கீழக்கரை_ரஃபி
நீங்க எழுதினது "எந்தத் தாளையும்".

உச்சிப்புளி_லதா
ரெண்டு பேரும் விடுங்க. 5-ஆவது மடிப்பு வேணும்னா, 4 மடிப்புத் துண்டு ரெண்டு ஒரே மாதிரி செய்யுங்க. புள்ளி இல்லாத நுனிகளைச் செங்கோணத்துல ஒட்டுங்க. ஒட்டுற இடம்தான் 16-ஆவது திருப்பம், அதுவும் 1, 2, 4, 8 திரும்பின பக்கமே திரும்பணும். ஒரு பாதியை 90 டிகிரி சுத்தினா மறுபாதி வந்துரும். சமச்சீர் பத்தி எழுத இதுவே போதும். தாளுக்குச் சார்ட் வேணாம், பட்டர் பேப்பர் மெலிசா இருக்கும்.

தொண்டி_கணக்கு
ஒட்டினா அது மடிப்பு இல்ல. நானா இருந்தா மார்க் குறைப்பேன்.

உச்சிப்புளி_லதா
ஒரே துண்டா 5 தடவை மடிச்சாலும் அந்த இடத்துல முதல் மடிப்புதானே சார் விழுது?

மண்டபம்_செல்வி
லதா அக்கா, எண்ணிப் பார்த்தோம். 1-உம் 4-உம் இடது, 2-உம் 8-உம் வலது. ஸ்கேலால தேய்க்கத்தான் புரட்டுறா. புள்ளி வச்சு மடிச்சதுல இப்போ சுருண்டு வருது, ஒரு இடத்துல மட்டும் மூலையோட மூலை தொடுது. அது சரியா?

உச்சிப்புளி_லதா
சரி. 4 மடிப்புல ஒரே ஒரு இடத்துலதான் தொடும். தொடலாம், ஆனா குறுக்கே வெட்டக் கூடாது.