வெளிநாட்டுப் பயண அட்வான்ஸை ‘செட்டில்’ செய்வதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அருள்:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவல் பயண விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் தடையில்லாமல் வந்துவிட்டது. டெய்லி அலவன்ஸுக்குத் தினப்படி இருக்கிறது. பயணப்படி, அகவிலைப்படி என்று பழகிய சொற்களோடு பொருந்தி நிற்கிறது. ஒருவர் தன் பதவிக்கு விமானத்தில் எந்த வகுப்பு வரை போகலாமோ அதற்குத் ‘தகுதி வகுப்பு’ என்று வைத்திருக்கிறேன்.

நின்றுபோன இடம் அட்வான்ஸ் செட்டில்மென்ட். இப்போதைக்கு ‘முன்பணச் செலவுக் கணக்கு ஒப்படைப்பு’ என்று போட்டிருக்கிறேன். நீளமாக இருக்கிறது, அதோடு பொருளும் சரியாக உட்காரவில்லை என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நசீர்:

அருள், சிக்கலாக்க வேண்டாம். போகும்போது பணம் வாங்குகிறார்கள், செலவு செய்கிறார்கள், திரும்பி வந்து மிச்சத்தைக் கட்டுகிறார்கள். ‘முன்பண மீதம் செலுத்துதல்’ என்றால் யாருக்கும் புரியும்.

கோமதி:

நசீர் சொல்வது பாதி சரி. பல பயணங்களில் மீதம் வரத்தான் செய்கிறது. ஆனால் மீதமே இல்லாத பயணமும் உண்டு, நிறுவனமே பயணிக்குப் பணம் தர வேண்டிய பயணமும் உண்டு. விமானம் ரத்தாகி ஓர் இரவு கூடுதலாகத் தங்கினால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு பக்கமும் போகக்கூடிய ஒன்றுக்கு ‘மீதம் செலுத்துதல்’ எப்படிப் பெயராகும்?

எனக்கு அதைவிட உறுத்துவது அருளின் வரைவில் இருக்கும் ‘செலவு’ என்ற சொல். அதை எடுத்தே ஆக வேண்டும். ஏன் என்பதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒருவர் ஐந்து இரவு, ஆறு நாள் பயணம் போகிறார். தினப்படி நாளுக்கு 60 டாலர் வீதம் 360, விடுதிக்கு இரவுக்கு 140 வீதம் 700, எதிர்பாராச் செலவுக்கு 240. ஆக 1,300 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். டிக்கெட்டை நிறுவனமே நேரடியாக எடுத்துவிட்டதால் அது இதில் வராது.

திரும்பி வந்ததும் முதலில் தினப்படியைப் பார்க்க வேண்டும். புறப்படும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்குதான் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கான உணவுப் படியில் அப்படித்தான் இருக்கிறது. முழு நாள் நான்குக்கு 240, மற்ற இரண்டு நாளுக்கும் சேர்த்து 90. மொத்தம் 330. மாநாடு நடத்தியவர்கள் இரண்டு நாள் மதியச் சாப்பாடு போட்டார்கள். அதற்கு நாளுக்குக் கால் பங்கு, அதாவது 15 வீதம் 30 கழிகிறது. நிற்பது 300.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். அந்த மனிதர் எளிமையாகச் சாப்பிட்டு 180 டாலரில் முடித்துவிட்டார். மிச்சம் 120 யாருடையது? அவருடையது. தினப்படி என்பது அவர் செலவழித்த தொகை அல்ல, அவருக்கு உரிய தொகை. அதற்கு ரசீது கேட்கக் கூடாது, மிச்சத்தையும் கேட்கக் கூடாது. அதே போல 400 டாலருக்குச் சாப்பிட்டிருந்தாலும் அவருக்கு 300தான்.

விடுதி அப்படியல்ல. அது ரசீதுப்படி, உச்சவரம்புக்குள். ரசீதில் இரவுக்கு 130 என்று இருந்தால் 650தான். விமான நிலைய டாக்சி முதலானவற்றுக்கு ரசீதோடு 90. ஆக ஏற்கத்தக்க தொகை 300, 650, 90 சேர்த்து 1,040. முன்பணம் 1,300. அவர் திருப்ப வேண்டியது 260.

‘செலவுக் கணக்கு’ என்று விதியில் எழுதினால், கணக்குப் பிரிவில் புதிதாக வந்து உட்காருபவர் சாப்பாட்டு பில்லைக் கேட்பார். பயணியும் 120 டாலரைச் சேர்த்துக் கட்டிவிட்டுப் போவார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேவி:

கோமதி அக்கா, இது எனக்கே நடந்தது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தினப்படிக்கும் பில் கேட்டார்கள். என் பில்கள் பாதி எனக்கே படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் காப்பி, ரொட்டி என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வெயிலில் வைத்த ரசீதுகளில் அச்சு மங்கிப்போய் வெள்ளைத் தாளாகிவிட்டது. அதை ஏற்கவே இல்லை.

அருள், எத்தனை நாளுக்குள் ரசீது தர வேண்டும் என்பதைத்தானே கேட்கிறீர்கள்? என் அனுபவத்தில் இறங்கிய அன்றே ரசீதுகளைப் படம் எடுத்துவிட வேண்டும்.

அருள்:

தேவி, நான் கேட்டது பெயரைப் பற்றி. ஆனால் அச்சு மங்கும் விஷயத்தை விடுதி ரசீது பற்றிய பத்தியில் சேர்த்துக்கொள்கிறேன். உண்மையிலேயே உதவும்.

கோமதி அம்மா, ‘செலவை’ எடுத்துவிட்டேன். ‘முன்பணம் சரிக்கட்டல்’ எப்படி? அலுவலகத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. கணக்குப் பதிவியல் பாடநூல்களிலும் ‘சரிக்கட்டுப் பதிவுகள்’ உண்டு.

சிவநேசன்:

வணக்கம். இலங்கைத் தமிழில் செட்டில்மென்டுக்குத் ‘தீர்ப்பனவு’ என்ற சொல் இருக்கிறது. வங்கித் துறையில் ‘கொடுப்பனவும் தீர்ப்பனவும்’ என்று சேர்த்தே எழுதுவார்கள். அட்வான்ஸுக்கு நாங்கள் சொல்வது முற்பணம். ‘முற்பணத் தீர்ப்பனவு’ என்றால் இரண்டு பக்கமும் பணம் போகலாம் என்பதும் அடங்கிவிடும்.

‘சரிக்கட்டல்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆளைச் சரிக்கட்டிவிட்டான் என்று பேச்சில் வேறு பொருள் இருக்கிறதே. பண விதியில் அந்த வாடை வேண்டாம்.

நசீர்:

தீர்ப்பனவு நல்ல சொல்தான் ஐயா. ஆனால் எங்கள் பக்கத்தில் முதல் தடவை படிப்பவருக்குத் தீர்ப்பு என்றுதான் காதில் விழும். சரிக்கட்டலில் நீங்கள் சொல்லும் வாடையை நான் உணரவில்லை. இரவல், கைமாற்று எல்லாவற்றுக்கும் வீட்டில் ‘நேர் செய்துவிட்டேன்’ என்பார்கள். ‘நேர்செய்தல்’ ஆகாதா?

கோமதி:

நேர்செய்தல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சொல் முடிவாகும் முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். செட்டில்மென்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது.

பயணி திரும்பிவந்து படிவம், விடுதி ரசீது, போர்டிங் பாஸ், திருப்ப வேண்டிய பணம் எல்லாம் கொடுக்கிறார். அது அவர் வேலை. கணக்குப் பிரிவு அதைச் சரிபார்த்து, அவர் பெயரில் பற்றாக நிற்கும் 1,300 டாலரைச் சுழியாக்குகிறது. அது எங்கள் வேலை. இரண்டுக்கும் இடையில் சில வாரம் ஓடலாம். விதியில் ‘குறிப்பிட்ட நாளுக்குள் செட்டில் செய்யாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கப்படும், அடுத்த பயணத்துக்கு முன்பணம் கிடையாது’ என்று இருந்தால் எந்த வேலையைச் சொல்கிறது? காகிதத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டவர், நாங்கள் தாமதித்ததற்காகச் சம்பளம் இழக்கக் கூடாது. ஆங்கில விதியில் இந்தக் குழப்பம் அப்படியே கிடக்கிறது. தமிழில் எழுதும்போது அதைப் பிரித்துவிடலாம்: பயணி செய்வது ‘கணக்கு ஒப்படைப்பு’, பிரிவு செய்வது ‘முன்பணம் நேர்செய்தல்’. கெடு ஒப்படைப்புக்குத்தான்.

இன்னொன்று, நேர் என்றால் எந்த நாணயத்தில் நேர்? மேலே சொன்ன 260 டாலரையே எடுங்கள். முன்பணம் தந்த அன்று வங்கி ஒரு டாலரை உள்நாட்டு நாணயத்தில் 100க்கு விற்றது என்று வைப்போம். ஆக 260 டாலருக்கு ஏட்டில் 26,000 நிற்கிறது. பயணி திரும்பி வந்து அதே டாலரை வங்கியில் மாற்றுகிறார். வங்கி வாங்கும் விலை விற்கும் விலையைவிடக் குறைவு. 97 என்றால் கையில் வருவது 25,220. ஏட்டில் 780 தொங்குகிறது. அவர் ஒரு காசும் தவறாகச் செலவழிக்கவில்லை. இருந்தும் அவர் பெயர் நிலுவைப் பட்டியலில் நிற்கும். பழைய நிலுவைப் பட்டியலில் இப்படிச் சில்லறைத் தொகைகள் வரிசையாகக் கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நான் எழுதினால், முன்பணத்தை முடியும் வரை அந்நியச் செலாவணியிலேயே ஏட்டில் வைக்கச் சொல்வேன். கெடுவுக்குள் மாற்றி வங்கிச் சீட்டையும் கொடுத்தால் வித்தியாசம் நிறுவனத்தின் செலாவணி நட்டம். கெடு தாண்டி வைத்திருந்தால் அது பயணியைச் சேரும்.

சிவநேசன்:

கோமதி அம்மா சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் ‘நேர்செய்தல்’ இருக்கட்டும். எங்கள் பக்கத்துக்குப் போகும் பிரதியில் மட்டும் தீர்ப்பனவு என்றே எழுதுவேன், வழக்கை மாற்ற முடியாது.

தகுதி வகுப்பு பற்றியும் ஒரு சொல். டிக்கெட்டில் வகுப்புக்கு நேரே Y, M, K என்று எழுத்து வரும். இவை பெரும்பாலான விமான நிறுவனங்களில் சாதாரண வகுப்பு இருக்கைகள்தான். மாறுவது கட்டணமும், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதும். Y எழுத்து முழுக் கட்டணம். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் தகுதியை மீறிவிட்டார் என்று கேள்வி எழுப்புவார்கள். ‘இருக்கை வகுப்பு’ என்றும் ‘கட்டண வகுப்பு’ என்றும் பிரித்து, தகுதி என்பது இருக்கைக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

தேவி:

கார்டில் வாங்கினால் நாணயத் தொல்லை இருக்காதே?

கோமதி:

இருக்கும் தேவி. பயண கார்டில் மிச்சத்தைத் திரும்ப எடுக்கும்போதும் வங்கி வாங்கும் விலைதான். ஒரு வசதி, எல்லாவற்றுக்கும் தேதியோடு பதிவு இருக்கும்.

அருள்:

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“பயணி, திரும்பிய நாளிலிருந்து கெடுவுக்குள் பயணக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தினப்படி உரிய தொகையாகக் கணக்கிடப்படும். அதற்கு ரசீது வேண்டியதில்லை. விடுதி வாடகை ரசீதுப்படி, உச்சவரம்புக்குள் ஏற்கப்படும். கணக்குப் பிரிவு, ஏற்கத்தக்க தொகையோடு முன்பணத்தை, அது வழங்கப்பட்ட நாணயத்திலேயே நேர்செய்யும்.”

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. முன்பணம் டாலரில், விடுதி பில் யூரோவில். எந்த நாள் மாற்று விலை? பில் போட்ட நாளா, கார்டில் கழிந்த நாளா?

கோமதி:

கார்டில் கட்டியிருந்தால் கழிந்த விலை. பயணி உண்மையில் இழந்தது அதுதான்.

நசீர்:

ரொக்கமாகக் கட்டியிருந்தால்? டாலரை யூரோவாக மாற்றிய சீட்டு கேட்பீர்களா? சாலையோரக் கடையில் மாற்றினால் சீட்டே தரமாட்டார்களே.

கோமதி:

சீட்டு இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் பில் நாளின் வங்கி விலை என்று எங்கள் பிரிவில் செய்கிறோம், ஆனால் தணிக்கையில் இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். அந்த வரியை இப்போது மூட வேண்டாம், அருள். நிதிப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிய பிறகு சேருங்கள்.