40 நிமிசப் பாடம்: உங்கட வகுப்பில என்ன நடந்தது?

நிலாவெளித் தம்பி: நான் கணிதத்துக்கு வந்து ரெண்டாவது வருசம், போன கிழமை தரம் 7 அ பிரிவுக்கு பகுதி வேறயான பின்னங்களைக் கூட்டிற பாடம். பாடக்குறிப்பில வடிவா ஆரம்பம் 5, விளக்கம் 12, பயிற்சி 15, முடிவு 8 எண்டு பிரிச்சு எழுதிக் கொண்டு போனன். 7.50க்கு பெல், பஸ்ஸில வாற பிள்ளையள் இருந்து முடிய 7.54. அஞ்சு பெருக்கல் கேள்வி குடுத்து ஒவ்வொரு கொப்பியா திருத்திக் கொண்டு போக 8.06 ஆச்சுது. பிறகு விளக்கம் விளக்கம் எண்டு 8.25. பயிற்சியில முதல் கணக்கைத் துவங்க பெல் அடிச்சிட்டு. கடைசிப் பகுதி பேப்பரில மட்டும்தான். குறிப்பு பாக்க வந்தவர் "நேரம் எல்லாம் சரியா இருக்கு" எண்டு கையெழுத்து வச்சிட்டுப் போனார், சிரிப்புத்தான் வந்தது.

உவர்மலை ரீச்சர் (ஓய்வு): தம்பி, பெருக்கல் கேள்விக்கும் பின்னக் கூட்டலுக்கும் என்ன தொடர்பு? அங்கதான் உங்கட 12 நிமிசம் போட்டுது. நான் குறிப்பை கடைசியில இருந்துதான் எழுதுவன். பெல்லுக்கு முன்னம் பிள்ளை தனிய எந்தக் கணக்கைச் செய்து காட்டோணும் எண்டு முதல்ல எழுதிப்போட்டு, அதுக்கு என்ன பயிற்சி, அதுக்கு எவ்வளவு விளக்கம், கடசியாத்தான் ஆரம்பம். உங்கட பாடத்துக்கு எண்டா 1/2 = ?/6, 1/3 = ?/6, 3/6 + 2/6, இந்த மூண்டும் போதும். கொப்பி திருத்தாதைங்கோ, விடையைத் தூக்கிக் காட்டச் சொல்லி ஒருக்காப் பாத்தாக் காணும். அதை முடிச்ச பிள்ளைக்கு 1/2 + 1/3 பாதி முடிஞ்ச மாதிரித்தான்.

கிண்ணியா சயன்ஸ்: எங்களுக்கு ரெண்டு பாடவேளை சேத்து 80 நிமிசம் தந்தாங்க, வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில பாக்கிறதுக்கு. ரெண்டு 40 எண்டு நினைச்சு பிளான் போட்டன். கழுவி அடுக்கவே பத்து நிமிசத்துக்கு மேல போய்ட்டு, படம் கீற நேரமில்ல.

நிலாவெளித் தம்பி: நான் ஒரு பாடவேளையைத்தான் கேட்டன் சயன்ஸ் ரீச்சர் 😄 ஆனா கழுவிற நேரத்தை நாங்களும் எழுதுறேல்லதான், எங்களுக்கு அது கொப்பி குடுத்து வாங்கிற நேரம்.

மூதூர் பெடியன்: எனக்குப் பயிற்சியில சொல்லித் தந்தது 5, 15, 15, 5. அதை மாத்தினா பிழை. ஆரம்பம் 5 நிமிசத்தைத் தாண்டவே கூடாது.

உவர்மலை ரீச்சர் (ஓய்வு): ஆரம்பத்தை இழுக்கக் கூடாது எண்டது சரி. மற்றது எல்லாப் பாடத்துக்கும் சரிவராது ராசா. புதுசா ஒண்டு வாற நாளில விளக்கம் கூடும், அடுத்த நாள் அதே விசயத்தை பழக்கேக்க விளக்கம் 5 நிமிசம் போதும், பயிற்சிக்கு 22, 23 கூட விடலாம். அதோட "12 நிமிசம்" எண்டு எழுதுறதை விட கடிகார நேரத்தை ஓரத்தில எழுதுங்கோ.

நிலாவெளித் தம்பி: அதைத்தான் ஆ பிரிவுக்குச் செய்தன், நாலாம் பாடவேளை. ஓரத்தில 9.50, 9.56, 10.07, 10.22, 10.30 எண்டு எழுதினன். மூண்டு கேள்வியையும் முதல் நாளே பிறிஸ்டல் போட்டில எழுதிக் கொண்டு போனபடியா உள்ள போன உடன தொங்கவிட்டாச்சு. விளக்கத்தில ரெண்டு கணக்குத்தான், 1/2 + 1/4, பிறகு 1/2 + 1/3. பயிற்சிக்கு ஆறு, முதல் ரெண்டு எல்லாரும் சேர்ந்து. 10.22க்கு அரைவாசிப் பேர் அஞ்சாவதில நிண்டாங்கள், மனசு கேக்கேல்ல, எண்டாலும் நிப்பாட்டிப்போட்டு அரைத்தாளில 1/3 + 1/4 மட்டும் தனிய செய்யச் சொல்லி வாங்கினன். இடைவேளையில தேத்தண்ணியோட மூண்டு குவியலாப் பிரிச்சுப் பாத்தன். 34 பேரில 7/12 எழுதினது 19. மேலயும் கீழயும் கூட்டி 2/7 எண்டது 9. பகுதியை 12 ஆக்கிட்டு தொகுதியை மாத்தாமல் 2/12 எண்டு விட்டது 6. எல்லாரும் தலையாட்டினவை, அந்தத் தாள் இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது.

உவர்மலை ரீச்சர் (ஓய்வு): அந்த 9ம் 6ம் ஒரே பிழை இல்லை. 2/12 காரருக்கு சமவலுப் பின்னத்தில அரைவாசி பிடிபட்டிருக்கு, நாளைக்கு ஆரம்பத்தில 1/3 = ?/12 குடுத்தா வந்திருவினம். 2/7 காரருக்கு படம் கீறித்தான் காட்டோணும்: 1/3ஐ விட 2/7 சின்னன், கூட்டினா எப்பிடிக் குறையும் எண்டு கேளுங்கோ.

மூதூர் பெடியன்: அப்ப வீட்டுவேலை பாக்கிறது எந்த அஞ்சு நிமிசத்தில? எங்கட அதிபர் கட்டாயம் பாக்கச் சொல்லுறார்.

உவர்மலை ரீச்சர் (ஓய்வு): பயிற்சி நடக்கேக்க நடந்து திரிஞ்சு பாருங்கோ.

நிலாவெளித் தம்பி: அப்ப பயிற்சியில முழிக்கிற பிள்ளையை ஆர் பாக்கிறது ரீச்சர்? நான் செய்து பாத்தன், ரெண்டும் உருப்படியா நடக்கேல்ல.

கிண்ணியா சயன்ஸ்: நான் இடைவேளையிலதான் பாக்கிறன், தேத்தண்ணி ஆறிப் போகுது.