போனிலிருந்து பார்சல் லேபிள்: பத்தாவதில் முகவரி மேலே ஏறிவிட்டது

ஈரோடு நைட்டி கடை
பிக்கப் தம்பி வாசலில் நிற்கிறார், இங்கே லேபிள் வரிசையாக வருகிறது. முதல் லேபிள் சரி. இரண்டாவதில் கோடு கொஞ்சம் மேலே. போகப் போக ஏறிக்கொண்டே போய், பத்தாவது லேபிளின் தலைப்பக்கம் ஒன்பதாவதின் வாலில் அச்சாகிவிட்டது. கிழித்தால் பார்கோடு இரண்டு துண்டு. ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்து காலிபிரேஷன் செய்தபிறகும் இதே கதைதான். லேபிள் பிரிண்டரோடு புளூடூத்தில் ஆண்ட்ராய்டு போன், ரோல் 100×150 மி.மீ.

சிவகாசி பார்சல்
ரோல் மட்டமாக இருக்கும் அக்கா. எனக்கும் மலிவு ரோலில் நகர்ந்தது, மாற்றியதும் நின்றது. டென்சிட்டியையும் கூட்டுங்கள், ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், ரோலை வெயிலில் வைக்காதீர்கள், கறுத்துவிடும். கட்டரும் வாங்கிவிடுங்கள், கையால் கிழித்தால் ஓரம் பிசிறும்.

பிரிண்டர் சர்வீஸ், கோவை
டென்சிட்டிக்கும் நகர்வதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி, அது கருமைக்கு மட்டும். ரோல் காரணமென்றால் ஒரு லேபிள் தாவும், அடுத்தது சரியாக வரும். இங்கே ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஏறுகிறது. லேபிள் 150 மி.மீ., இடைவெளி 3 மி.மீ., ஆக 153 நகர வேண்டும். இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் 150 மட்டும் நகர்ந்தால் பத்தாவதில் 27 மி.மீ. ஏறியிருக்கும்.

அக்கா, ஃபீட் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். லேபிள் சரியாகக் கிழிக்கும் விளிம்பில் வந்து நிற்கிறதா? நின்றால் காலிபிரேஷன் நன்றாகவே இருக்கிறது, கோளாறு போன் ஆப்பில். ஆப்பில் பேப்பர் வகை Continuous என்று இருந்தால், ஒவ்வொரு பிரிண்டோடும் அந்த உத்தரவும் போய், பிரிண்டர் கண்டுபிடித்து வைத்த இடைவெளியை ஒதுக்கிவிடும். Gap என்று மாற்றி, 3 மி.மீ. கொடுத்து, இரண்டு லேபிள் அடித்துப் பாருங்கள்.

ஈரோடு நைட்டி கடை
தட்டினால் விளிம்பிலேயே நிற்கிறது அண்ணா. ஆப்பில் Continuous தான் இருந்தது! மாற்றியதும் அடுக்கு முழுக்க ஒரே இடத்தில் விழுந்தது.

நாகர்கோவில் சிப்ஸ்
எனக்கு நகரவில்லை, ஒவ்வொரு லேபிளுக்கும் பின்னால் ஒரு வெற்று லேபிள் வருகிறது. ஐபோன். காலிபிரேஷன் செய்தே அரை ரோல் போனது.

பிரிண்டர் சர்வீஸ், கோவை
காலிபிரேஷனை விடுங்கள். ஆப்பில் 4×6 இன்ச் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதன் உயரம் 152.4 மி.மீ., உங்கள் ரோல் 150 என்றால் மிச்சம் 2.4 லேபிளைத் தாண்டிப் போகிறது, அதனால் பிரிண்டர் அடுத்த லேபிளையும் வெற்றாகத் தள்ளிவிடுகிறது. 100×150 என்று மாற்றுங்கள்.

நாகர்கோவில் சிப்ஸ்
வெற்று லேபிள் நின்றது. ஆனால் பிடிஎஃப் 4×6 என்பதால் இடது ஓரம் வெட்டுப்படுகிறது. சுருக்கிப் போட்டால் பார்கோட்டை என் போன் படிக்கிறது, ஹப் ஸ்கேனர் படிக்கவில்லை என்று பார்சல் திரும்பி வந்தது.

பிரிண்டர் சர்வீஸ், கோவை
203 டிபிஐ பிரிண்டரில் ஒரு மி.மீ.க்கு 8 புள்ளிதான். சுருக்கும்போது மெல்லிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். போன் படிப்பதை நம்பாதீர்கள். நிஜ 4×6 ரோல் போடுங்கள்.

சிவகாசி பார்சல்
நான் சுருக்கித்தான் அடிக்கிறேன், ஒன்றும் திரும்பவில்லையே?