சைட் சூப்பர்வைசருக்கு அப்ரைசல், மார்க் எப்படி போடுறது?

வணக்கம் அண்ணன்மாரே, சுங்கை சிப்புட்ல கடைவீடு கட்டுற சைட்ல எங்க சூப்பர்வைசருக்கு மொத தடவையா அப்ரைசல் எழுதணும், ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டேன் லா.

ஒன்னு கான்கிரீட். தரை சிலாப் 12க்கு 8 மீட்டர், கனம் 10 சென்டிமீட்டர், கணக்குப்படி 9.6 கியூபிக் மீட்டர், சிந்துறதுக்கு 5% சேத்தாலும் 10 சொச்சம்தான், ஆனா 11.5 எறங்கிருக்கு. ஓரத்துல டேப் வச்சா கனம் 12 சென்டிமீட்டர் கிட்ட காட்டுது, அப்போ சிந்தல, அடித்தரை லெவல் எறங்கிருக்கு. மண்ணு வேலை செஞ்சது வேற ஆளு, ஆனா ஊத்துறதுக்கு முன்ன நூல் புடிச்சு பாக்க வேண்டியது இவருதானே?

இன்னொன்னு, சாரத்துல கைப்பிடி கம்பி இல்லன்னு அரை நாள் வேலைய நிறுத்திட்டாரு, நாள்கூலி ஆளுங்களுக்கு முழு சம்பளமும் கொடுக்க வச்சாரு. பாஸ் அத ஷெடியூல்ல மைனஸ் போடச் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல, பக்கத்து சைட்ல சம்பளத்த இழுத்தடிச்சு பாதி ஆளு ஓடிட்டான், இங்க ஒருத்தன் நகரல.

மழை நாள், சேப்டிக்கு நிறுத்துன நேரம் எல்லாம் தனியா கழிச்சுட்டுத்தான் ஷெடியூல் மார்க் போடுவீங்களா? கான்கிரீட்டுக்கு எவ்ளோ குறைப்பீங்க? அப்ரைசல் பாரம் யார்ட்டயாவது இருந்தா அனுப்புங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும்.