கலைச்சொல் தேவை: வாழ்த்துச் செய்தியோடு நின்றுபோகும் உரையாடல்கள்

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். அரட்டைச் செயலி ஒன்றின் அறிக்கைப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாழ்த்துச் செய்தி போகிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றும் வருவதில்லை. அப்படிப்பட்டவற்றின் எண்ணிக்கைக்கு ஒரு தலைப்பு வேண்டும். "வெற்று அரட்டை" என்று போட்டிருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. அதே பக்கத்தில் பொத்தான் பட்டியுள்ள வாழ்த்தையும் பயனரே தட்டச்சிடும் வாழ்த்தையும் ஒப்பிடும் படம் வருகிறது. எந்தச் சொல்லை வைத்தாலும் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

முத்தையா:
"வெற்று அரட்டை" வேண்டாம் அம்மா. மணிக்கணக்காக வீண்பேச்சுப் பேசுவதைத்தான் அது குறிக்கும். இங்கே யாரும் பேசவே இல்லை, பொருள் தலைகீழாகிவிடும். சேர்த்து "வெற்றுரையாடல்" என்றாலும் அதே சிக்கல்தான். படிப்பவர் "வெற்றுரை" என்று பிரித்துக்கொள்வார், அது சாரமில்லாத பேச்சு. "ஊமை அரட்டை" என்றும் யாரோ முன்பு எழுதியிருந்தார்கள். மனிதரைக் குறிக்கும் சொல்லை இப்படிக் கையாள்வது தகாது. "தொடா உரையாடல்" என்று வைத்துப் பாருங்கள். யாரும் தொடாமல் விட்டது என்று பொருள்.

ரஃபீக்:
அழிக்கப்பட்ட உரையாடல்களைத்தானே கேட்கிறீர்கள்? எங்கள் பயிற்சி நிலையத்தின் டெலிகிராம் அரட்டைத் தானியங்கியிலும் இப்படி நிறைய வெறுமையாக இருக்கின்றன. பொத்தான் வைத்த பிறகு அவை கூடிவிட்டன. பொத்தான் வைத்தால் குறையும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இளங்கோ:
ரஃபீக், அழிக்கப்பட்டவை வேறு. உங்கள் தானியங்கியில் கூடியது பெரும்பாலும் எண்ணும் முறையால்தான். டெலிகிராமில் இரண்டு வகைப் பொத்தான்கள் உண்டு. விசைப்பலகை இருக்கும் இடத்தில் வருவதை அழுத்தினால் அதன் எழுத்து பயனரின் செய்தியாகவே போய்ச் சேரும். செய்திக்கு அடியில் ஒட்டியிருப்பதை அழுத்தினால் செய்தி எதுவும் உருவாகாது, `callback_query` மட்டும் வரும். உங்கள் அறிக்கை `message` வகையை மட்டும் எண்ணினால், ஐந்து முறை பொத்தானை அழுத்தி விடை பெற்றுப் போனவரும் பேசாதவர் கணக்கில் விழுவார். குரல் செய்தியிலும் இதே பிழை நடக்கும். அதில் `text` இருக்காது, `voice`தான் இருக்கும். தமிழ் விசைப்பலகை பழகாதவர்கள் பலர் குரலில்தான் அனுப்புகிறார்கள், அவர்களை வெறுமை என்று எண்ணுவது பெரும் தவறு.

இணையதள ஓரத்தில் திறக்கும் அரட்டைப் பெட்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாழ்த்து தானாக மேலெழும்போதே பதிவு உருவானால், பக்கத்தைப் படிக்க வந்த அத்தனை பேரும் "அரட்டை" ஆகிவிடுவார்கள். பயனரின் முதல் அழுத்தம் அல்லது முதல் செய்தி வரும்போது பதிவை உருவாக்கினால் போதும். பொத்தானா தட்டச்சா என்ற ஒப்பீட்டை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

செல்வி:
பொத்தானில் தமிழுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. டெலிகிராம் பொத்தானில் 64 பைட்டுக்கு மேல் எழுத முடியாது. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் 21 குறிகளுக்குள் முடிக்க வேண்டும். "அனுப்பிய பொருள் வரவில்லை" என்று வைத்தால் பிழை வருகிறது. அதனால்தான் பொத்தான்கள் சுருங்கிப் புரியாமல் போகின்றன, மக்கள் அழுத்தாமல் விடுகிறார்கள்.

இளங்கோ:
கணக்கு சரி, இடம்தான் வேறு. 64 பைட் எல்லை `callback_data`வுக்கு உரியது, கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு அன்று. நீங்கள் சொன்ன தொடரில் 22 குறிகள், 2 இடைவெளிகள், ஆக 68 பைட். அதையே இரண்டு இடத்திலும் போட்டால் `BUTTON_DATA_INVALID` வரும். உள்ளே ஒரு குறுங்குறி போதும்:

```
{"text": "அனுப்பிய பொருள் வரவில்லை",
 "callback_data": "not_recd"}
```

வாட்ஸப்பில்தான் தெரியும் எழுத்துக்கே எல்லை உண்டு. பதில் பொத்தான் 3 வரை, ஒவ்வொன்றும் 20 குறிக்குள். செல்வி சொல்லும் சுருக்கத் தொல்லை அங்கே உண்மையிலேயே இருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். முத்தையா ஐயா தந்த சொல் பாதியைத்தான் குறிக்கிறது. கணக்குக்காக இரு வகை வாழ்த்துக்கும் 1000 பேர் வீதம் பெட்டியைத் திறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டச்சு வாழ்த்தில் 400 பேர் எழுதுகிறார்கள், அவர்களில் 90 பேர் "ஹலோ" என்பதோடு நிறுத்துகிறார்கள். பொத்தான் வாழ்த்தில் 650 பேர் அழுத்துகிறார்கள், அவர்களில் 300 பேர் அதன்பின் எதுவும் தருவதில்லை. ஒன்றுமே செய்யாதவர்களை மட்டும் எண்ணினால் 600, 350. பொத்தான் பெரிதும் வென்றதாகத் தெரியும். பதில் சொல்லத்தக்க விவரம் வந்தவற்றை எண்ணினால் 310, 350. பெரிய வேறுபாடு இல்லை. பொத்தானை அழுத்த விரல் ஒருமுறை பட்டால் போதும், அதனால் தொடக்கத்தில் நின்றுபோனவர்களில் பலர் ஒரு படி தள்ளி நிற்கிறார்கள். ஒரே சொல் வைத்தால் இந்த நகர்வு அறிக்கையில் தெரியாது. இரண்டு சொல் வேண்டும்.

முத்தையா:
அப்படியானால் "தொடா", "தொடரா" என்று இணையாக வைக்கலாம்.

கயல்விழி:
ஐயா, ஓசை அழகாக இருக்கிறது. ஆனால் கைப்பேசித் திரையில் ஒரே எழுத்து வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். முதலாவதை "தொடங்கா உரையாடல்" என்று மாற்றினால்? அட்டவணைத் தலைப்பில் "தொடங்காதவை", "தொடராதவை" என்று சுருக்கிவிடலாம்.

முத்தையா:
நன்று. "தொடங்கா" ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் இடம் தருகிறது. சொல்லைப் பிரித்தே எழுதுங்கள். "தொடங்காவுரையாடல்" என்று புணர்த்தினால் திரையில் படிக்க முடியாது.

செல்வி:
பிரிவை ஏற்கிறேன். "ஹலோ" மட்டும் எழுதியவரும் தொடராதவர்தானே? அப்படியானால் மருந்தும் வகைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். தட்டச்சு வாழ்த்தில் "எப்படி உதவலாம்?" என்று விட்டால் "ஹலோ"தான் வரும். "சிக்கலை ஒரு வரியில் எழுதுங்கள். எ.கா.: பணம் கட்டினேன், ரசீது வரவில்லை" என்று மாதிரி ஒன்று காட்டினால் அதே அளவில் எழுதுவார்கள்.

இளங்கோ:
ஆம். பொத்தானுக்குப் பின் தொடராமல் போவதற்கு இரண்டு காரணங்களை முதலில் சோதியுங்கள். ஒன்று, அழுத்தம் வந்ததும் `answerCallbackQuery` அனுப்பாமல் விடுவது. பொத்தானில் சுழல்குறி ஓடிக்கொண்டே இருக்கும், பயனர் செயலி உறைந்துவிட்டது என்று விலகுவார். இரண்டாவது, அடுத்த கேள்வி அகலமாக இருப்பது. "பணம் திரும்பவில்லை" என்பதை அழுத்தியவரிடம் "மேலும் விவரம் தருக" என்று கேட்டால் அவர் மறுபடியும் வெறும் பெட்டியின் முன் நிற்கிறார். "ஆர்டர் எண்ணை அனுப்புங்கள்" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். பட்டியின் கடைசிப் பொத்தான் "வேறு கேள்வி, நானே எழுதுகிறேன்" என்று இருக்கட்டும். அது இல்லாதபோது தன் சிக்கல் பட்டியில் இல்லாதவர் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு நின்றுவிடுவார்.

ரஃபீக்:
`callback_query`யையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு ஐயம். "வகுப்பு நேரம்" பொத்தானை அழுத்தினால் நேரம் உடனே வந்துவிடும். பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களும் "தொடராதவை"யா?

கயல்விழி:
இல்லை, அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூன்றாவது தலைப்பு ஒன்று வேண்டும் போலிருக்கிறது. "நிறைந்தவை"?

முத்தையா:
"நிறைந்தவை" என்றால் நிரம்பியவை என்றும் படும். "விடைபெற்றவை" என்று எண்ணினேன், அது பிரிந்து சென்றவை என்றும் பொருள்படுகிறது. நாளை வேறு சொல்லோடு வருகிறேன்.

இளங்கோ:
விடை பெற்றுப் போனவரையும் விடையைப் பார்த்து ஏமாந்து போனவரையும் அழுத்தத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். அதே பயனர் 24 மணி நேரத்துக்குள் அதே பொருள் பற்றித் திரும்பி வந்தாரா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். அதுவரை அந்த மூன்றாவது தலைப்பைத் "தொடராதவை"யில் சேர்க்காமல் தனியே காட்டுங்கள்.