ரத்தத்தில் சோடியம் 119: குறைந்தது உப்பா, கூடியது தண்ணீரா?

வார்டு செவிலி

சோடியம் குறைந்து வரும் வயதானவர்களைக் கவனித்தவர்கள், பார்த்ததைப் பகிருங்கள். எங்கள் வார்டில் இப்போது இருப்பவர் 70 வயது அம்மா, எடை 48 கிலோ. ரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதையசைடு 25 மி.கி. மூன்று வாரமாகச் சாப்பிடுகிறார். சில நாளாகச் சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொல்ல, உணவில் வருவதையும் சேர்த்து நாளுக்கு 3 லிட்டர் உள்ளே போயிருக்கிறது. முதலில் தள்ளாட்டம், பிறகு ஆள் அடையாளம் குழம்பியது. சோடியம் 119, பொட்டாசியம் 3.0, கிரியாட்டினின் 0.7. காலில் வீக்கம் இல்லை.

கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீரும் போகிறது. பிறகு ஏன் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரை வெளியே தள்ளவில்லை? உப்பைக் கொடுத்து ஏற்றிவிட்டால் போதாதா?

மருந்தாளுநர்

தையசைடு உப்பை இறக்கும் மருந்து. உப்பு போய்விட்டது, அதனால்தான் சோடியம் குறைந்தது. மருந்தை நிறுத்திவிட்டு நார்மல் சலைன் ஏற்றினால் சரியாகும். ஃபுரோசமைடு இதைவிட அதிகமாக உப்பை இறக்கும், அதிலும் இதே சிக்கல் இன்னும் அதிகமாக வரத்தானே வேண்டும்?

சிறுநீரகப் பிரிவு மருத்துவர்

சார் சொல்வதில் பாதி சரி. மருந்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஆனால் 119 என்ற எண் உடலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு சோடியம் என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது. இந்த அம்மாவிடம் பெரும்பங்கு கூடியது தண்ணீர்.

கிரியாட்டினின் சொல்வது வடிகட்டும் வேலையை மட்டும். நாளுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் கிளாமருலஸில் வடிகிறது, அதில் ஒன்றரை இரண்டு லிட்டர்தான் சிறுநீராகிறது. மீதியெல்லாம் வழியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். தண்ணீரை வெளியேற்றும் திறன் அந்த 180 லிட்டரில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் குழாய்களில் இருக்கிறது. ஹென்லே வளைவின் மேலேறும் தடித்த பகுதியும் அதையடுத்த தொலைக்குழாயும் உப்பை மட்டும் உறிஞ்சும், தண்ணீரை விடாது. உப்பு வெளியே, தண்ணீர் உள்ளே என்று பிரிந்ததால் குழாய்க்குள் இருப்பது நீர்த்துப்போகும். பிறகு சேகரிப்புக் குழாயில் ஏடிஹெச் ஹார்மோன் இல்லையென்றால், அந்த நீர்த்த சிறுநீர் அப்படியே வெளியேறும். ஏடிஹெச் இருந்தால் தண்ணீர் மறுபடி உடலுக்குள் இழுக்கப்படும்.

தையசைடு அடைப்பது தொலைக்குழாயின் உப்பு வாசலை. அதாவது சிறுநீரை நீர்க்கச் செய்யும் கடைசிப் படியை. ஃபுரோசமைடு ஹென்லே வளைவில் வேலை செய்கிறது. அங்கே உப்பு உறிஞ்சப்படாவிட்டால் சிறுநீரகத்தின் உள்பகுதியில் உப்புச் செறிவு சேராது. அந்தச் செறிவுதான் ஏடிஹெச் சொல்லும்போது தண்ணீரை இழுப்பது. ஆகவே ஃபுரோசமைடு தண்ணீரைத் தேக்கும் திறனையும் சேர்த்தே கெடுக்கிறது, தையசைடு அதை அப்படியே விட்டுவைக்கிறது. வலிமை குறைந்த மருந்தில் சோடியம் அதிகம் விழுவது இதனால்தான்.

சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைபொருள் செறிவு, பார்த்தீர்களா?

வார்டு செவிலி

320 வந்திருக்கிறது. சிறுநீர் சோடியம் 58.

சிறுநீரகப் பிரிவு மருத்துவர்

அப்படியானால் கணக்கே போட்டுப் பார்க்கலாம். நாம் சாப்பிடும் உப்பும் புரதத்திலிருந்து வரும் யூரியாவும் கரைபொருளாகச் சிறுநீரில் போயாக வேண்டும். சாதாரணமாகச் சாப்பிடுபவரிடம் நாளுக்கு 600 மில்லி ஆஸ்மோல் என்று வைப்போம். நல்ல சிறுநீரகம் சிறுநீரை 50 வரை நீர்க்கச் செய்யும். 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12 லிட்டர். அவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வெளியேற்றிவிடலாம்.

இந்த அம்மா பாதிதான் சாப்பிடுகிறார், 400 என்று கொள்ளுங்கள். சிறுநீர் 320-க்குக் கீழே நீர்க்கவில்லை. 400-ஐ 320-ஆல் வகுத்தால் 1.25 லிட்டர். மூச்சிலும் தோலிலும் 0.7 லிட்டர் போகும். உள்ளே வந்தது 3, வெளியே போனது ஏறக்குறைய 2. தினமும் 1 லிட்டர் தங்குகிறது. இவர் உடலில் மொத்தத் தண்ணீர் 22 லிட்டர் அளவில் இருக்கும். மூன்று நாளில் 25 ஆகிவிட்டால், 138 இருந்த சோடியம் 121 ஆகும். மீதி இறக்கம் சிறுநீரில் போன சோடியமும் பொட்டாசியமும். காலில் வீக்கம் இல்லாததற்கும் இதுவே காரணம். வெறும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போய்விடும். மூளைச் செல்களுக்குள் போனதுதான் குழப்பமாக வெளிப்படுகிறது.

சாப்பாடு குறைந்தது மருந்துக்கு நிகரான காரணம். நிறையப் பேர் அதைக் கேட்பதே இல்லை.

கல் உள்ளவன்

எனக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், நான் 3 லிட்டர் குடிக்கிறேன். இதைப் படித்தால் பயமாக இருக்கிறது. குறைத்துவிடட்டுமா? தையசைடும் கல்லுக்குக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேனே.

சிறுநீரகப் பிரிவு மருத்துவர்

குறைக்காதீர்கள் தம்பி. ஒழுங்காகச் சாப்பிட்டு, சிறுநீரை நீர்க்கச் செய்ய முடிகிற உங்களுக்கு 3 லிட்டர் ஒரு பொருட்டே அல்ல. கல்லுக்கு வேண்டியது நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறுவது. கால்சியம் கல்லுக்குத் தையசைடு கொடுப்பது உண்மைதான், அப்படித் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆய்வகப் பணியாளர்

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். டிரிப் ஏறுகிற அதே கையில், ஊசிக்கு மேலே ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் கலந்துவிட்டால் சோடியம் பொய்யாக விழும், சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் நாங்கள் மறு மாதிரி கேட்போம். உண்மையிலேயே சர்க்கரை 500, 600 இருப்பவர்களிடமும் செல்லிலிருந்து தண்ணீர் வெளியே வந்து சோடியம் இறங்கும், அது வேறு கதை.

இன்னொன்று, சிறுநீர் மாதிரியைச் சலைன் தொடங்குவதற்கு முன் எடுங்கள். ஒரு பாட்டில் ஏறிய பிறகு வருவதை வைத்து முன்பு என்ன நடந்தது என்று சொல்வது கடினம். ஆஸ்மோலாலிட்டி இயந்திரம் இல்லாத இடத்தில் ஒப்படர்த்தி உதவும். 1.010 என்றால் சுமார் 300, 1.003 என்றால் 100 பக்கம். சிறுநீரில் சர்க்கரையோ எக்ஸ்ரே சாயமோ இருந்தால் இதை நம்பக் கூடாது.

மருந்தாளுநர்

மருத்துவர் சொன்னது புரிகிறது. ஆனாலும் சலைன் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? அதில் லிட்டருக்குச் சோடியம் 154, இவர் ரத்தத்தைவிட அதிகம்தானே.

சிறுநீரகப் பிரிவு மருத்துவர்

உள்ளே போவதை மட்டும் பார்த்தால் போதாது, சிறுநீரில் என்ன வெளியே போகிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். நுரையீரல் கட்டியாலோ வேறு மருந்தாலோ ஏடிஹெச் ஓயாமல் சுரப்பவர்களைப் பாருங்கள். சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 616 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சலைனில் 308 மில்லி ஆஸ்மோல் உப்பு. அவர் உடல் அந்த உப்பு முழுவதையும் அரை லிட்டர் சிறுநீரில் வெளியேற்றிவிட்டு, மீதி அரை லிட்டரை வெறும் தண்ணீராக வைத்துக்கொள்ளும். சலைன் ஏறிய பிறகு சோடியம் இன்னும் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

தையசைடில் ஆபத்து எதிர்ப்பக்கம். நாக்கு வறண்டு, உடலில் உப்பும் குறைந்திருந்தால், ஏடிஹெச் சுரப்பது ரத்த அளவைக் காப்பாற்ற. சலைன் அந்த அளவை நிரப்பியதும் ஏடிஹெச் நின்றுவிடும். மருந்தும் இறங்கியிருக்கும். தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் திறந்துவிட்டது போல வெளியேறும்.

ஐசியு இரவுப்பணி

அந்தத் திறப்பை முதலில் பார்ப்பது யூரின் பையில்தான். மாலையில் மணிக்கு 40 மி.லி. என்று மஞ்சளாக வந்தது, நள்ளிரவில் 300 மி.லி. என்று தண்ணீர் நிறத்தில் வரும். நோயாளி நன்றாகப் பேசத் தொடங்கியிருப்பார், உறவினர்களுக்குச் சந்தோஷம். அந்த நேரத்தில்தான் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி 25 லிட்டரில் ஐந்து மணி நேரத்தில் 1.5 லிட்டர் வெறும் தண்ணீர் போனால், 119 இருந்தது 126-ஐத் தாண்டிவிடும். ஒரு நாளுக்கான அளவு ஒரே இரவில் முடிந்தது.

எங்கள் பிரிவில் சிறுநீர் மணிக்கு 100 மி.லி.யைத் தாண்டினால் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒருமுறை சோடியம் அனுப்புகிறோம். காலைவரை காத்திருப்பதில்லை.

வார்டு செவிலி

மேடம், ஏறினால் நல்லதுதானே? ஏன் பயப்பட வேண்டும்?

சிறுநீரகப் பிரிவு மருத்துவர்

இரண்டு நாளுக்கு மேல் சோடியம் குறைந்திருந்தால் மூளைச் செல்கள் தங்கள் உள்ளிருக்கும் கரைபொருளை வெளியேற்றி, வீக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். திரும்பச் சேர்க்க அவற்றுக்கு நாள்கள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் சோடியம் சட்டென்று ஏறினால் செல்கள் சுருங்கி, நரம்பின் மையலின் உறை சிதையும். அறிகுறி அன்றே தெரியாது. சில நாள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு பேச்சும் விழுங்குவதும் கைகாலும் விழும். பொட்டாசியம் குறைந்தவர், சத்துக் குறைந்தவர், குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவர் ஆகியோருக்கு இது எளிதில் வரும். இந்த அம்மாவுக்கு முதல் இரண்டும் உண்டு. ஆகவே 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏற விடாதீர்கள்.

பொட்டாசியம் கொடுப்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பொட்டாசியம் செல்லுக்குள் போகும்போது சோடியம் வெளியே வரும், எண் ஏறும். சலைனும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறி, யாரும் எதிர்பாராமல் 12 கூடிய நோயாளிகள் உண்டு.

ஆனால் வலிப்பு வந்தாலோ நினைவு தவறினாலோ மெதுவாகப் போகக் கூடாது. 3 சதவீத சலைன் 100 அல்லது 150 மி.லி. உடனே ஏற்ற வேண்டும். 4 முதல் 6 ஏறினாலே மூளை வீக்கம் ஆபத்திலிருந்து இறங்கும், அதன்பின் நிறுத்திக் காத்திருக்கலாம்.

ஐசியு இரவுப்பணி

வேகமாக ஏறிவிட்டால், ஏடிஹெச் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் போட்டுச் சிறுநீரை நிறுத்தி, தேவையானால் டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம் ஏற்றி எண்ணை இறக்குகிறோம். சில மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே டெஸ்மோபிரசினைத் தொடங்கிவிட்டு, 3 சதவீத சலைனை அளந்து கொடுக்கிறார்கள். அந்த முறையில் நோயாளி வாய்வழியே தண்ணீர் குடித்துவிட்டால் சோடியம் மறுபடி விழுகிறது. எங்கள் பிரிவிலேயே இதில் ஒத்த கருத்து இல்லை.

வேறொரு மருத்துவர்

8 என்ற வரம்பிலும் இப்போது விவாதம் இருக்கிறது. மெதுவாக ஏற்றியவர்களிடம் இறப்பு அதிகம் என்று சமீபத்திய சில பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. மெதுவாக ஏறியதால் இறந்தார்களா, ஏற்கெனவே நோய் முற்றியவர்களுக்கு மெதுவாக ஏறியதா என்பதை அந்த ஆய்வுகளால் பிரிக்க முடியவில்லை. ஆபத்து குறைவாக இருப்பவருக்கு 10 வரை விடுகிறேன். பொட்டாசியம் 3.0 உள்ள இவருக்கு நானும் 8-ஐத் தாண்ட மாட்டேன்.

வார்டு செவிலி

இப்போதைய நிலை: தையசைடு நிறுத்தியாகிவிட்டது. தண்ணீர் நாளுக்கு 1 லிட்டருக்குள். பொட்டாசியம் வாய்வழியே போகிறது, வேறு சலைன் இல்லை. ஆறு மணி நேரத்தில் 119-லிருந்து 122. கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 130 மி.லி., நிறம் வெளுத்திருக்கிறது.

சிறுநீரகப் பிரிவு மருத்துவர்

ஏடிஹெச் விலகத் தொடங்கிவிட்டது. இப்போதே ரத்தமும் சிறுநீர் ஆஸ்மோலாலிட்டியும் அனுப்புங்கள். சிறுநீர் 100 பக்கம் வந்திருந்தால் தண்ணீர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். டெஸ்மோபிரசினை வார்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு 127-தான் எல்லை.